தவணை தவறிவிட்டது, வசூல் ஏஜென்ட் ஓயாமல் அழைக்கிறார்: கடன் வாங்கியவர் வரிசையாகச் செய்ய வேண்டியவை

என் மைத்துனர் கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 2 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கியிருந்தார். 18 சதவீத வட்டி, 36 மாதம், மாதத் தவணை 7,231 ரூபாய். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் சம்பளம் தள்ளிப்போனதால் 5-ஆம் தேதி தவணை இரண்டு முறை பவுன்ஸ் ஆனது. ஜூலை 20 அன்று மட்டும் ஆறு வெவ்வேறு எண்களிலிருந்து 27 அழைப்புகள். முதல் அழைப்பு காலை 7.12-க்கு, கடைசி அழைப்பு இரவு 8.40-க்கு. நடுவில் அவர் வேலை செய்யும் இடத்து மேலாளருக்கும் ஓர் அழைப்பு போயிருக்கிறது.

"மாமா, போனை ஆஃப் பண்ணிட்டு எங்கயாவது போயிடலாம்னு தோணுது" என்றார். நான் வங்கிக் கடன் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன். அவரோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அவருடையது எந்தச் சொத்தையும் அடகு வைக்காத கடன். வாகனக் கடன், வீட்டுக் கடன் என்றால் வண்டியை எடுப்பது, வீட்டை ஜப்தி செய்வது என்று வேறு விதிகளும் சேர்ந்துகொள்ளும். அவற்றுக்குள் நான் போகவில்லை.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பாக்கிப் பணம் ஒன்று, அதை வசூலிக்கிறவரின் நடத்தை இன்னொன்று. பலர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசித்தான் தோற்கிறார்கள். "எனக்குக் கஷ்டம், வட்டியைக் குறையுங்கள், உங்கள் ஆள் கேவலமாகப் பேசுகிறார், அவகாசமும் கொடுங்கள்" என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால், நிறுவனம் தனக்கு வசதியான பகுதிக்கு மட்டும் பதில் சொல்லும். அவகாசம் தருவதும் வட்டியைக் குறைப்பதும் நிறுவனத்தின் வணிக முடிவு. அதில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்கூடத் தலையிட மாட்டார். நடத்தை அப்படியில்லை. அதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. ஆகவே பணம் பற்றி ஒரு கடிதம், நடத்தை பற்றித் தனியாக ஒரு கடிதம்.

விதி என்ன சொல்கிறது

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வங்கிகளுக்கும் பைனான்ஸ் கம்பெனிகளுக்கும் பொருந்தும். நிலுவைத் தொகைக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. விடாமல் தொடர்ந்து அழைப்பது, மிரட்டுவது, பெயர் சொல்லாத அநாமதேய அழைப்பு, நாலு பேர் முன் அவமானப்படுத்துவது, குடும்பத்தார், நண்பர்கள், கடன் விண்ணப்பத்தில் தெரிந்தவர் என்று பெயர் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவது, மொபைலிலோ சமூக ஊடகத்திலோ தகாத செய்தி அனுப்புவது, பொய்யான தகவல் சொல்வது எல்லாமே தடை. ஏஜென்ட் என்ன செய்தாலும் பொறுப்பு கடன் கொடுத்த நிறுவனத்துக்குத்தான். "அது வெளி ஏஜென்சி, எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் செல்லாது.

மகளிர் குழுக்களுக்கு வாரத் தவணையில் தருகிற மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு நேரம் இன்னும் சுருக்கம். காலை 9 முதல் மாலை 6 வரைதான். வசூல் இடத்தையும் இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகலாம்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. "தொடர்ந்து அழைப்பது" என்றால் ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு என்று அந்தச் சுற்றறிக்கை எண்ணிக்கை சொல்லவில்லை. மூன்று அழைப்பு வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இருபத்தேழு என்றால் யாராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் இருபத்தேழு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அடுத்த வேலை அதுதான்.

ஒரு நோட்டு, சில ஸ்கிரீன்ஷாட்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், அழைத்த எண், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தை. சொன்ன வார்த்தையை எழுதும்போது மிகையாக எழுத வேண்டாம். "மிரட்டினார்" என்று எழுதினால் அதற்கு எடை இல்லை. "சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பேன் என்றார்" என்று எழுதினால் படிக்கிறவர் தானே முடிவுக்கு வந்துவிடுவார்.

அழைப்புப் பட்டியலைத் தினமும் இரவில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பல போன்களில் பழைய அழைப்புகள் தானாக அழிந்துபோகும், பத்து நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது. பேச்சைப் பதிவு செய்யும் வசதி போனில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கரில் போட்டு வீட்டில் இருக்கும் இன்னொரு போனில் பதிவு செய்யலாம். வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். எத்தனை ஆபாசமாக இருந்தாலும் சரி, அது உங்கள் சாட்சி.

அக்கம்பக்கத்தாருக்கோ மேலாளருக்கோ அழைப்பு போயிருந்தால், அவர்களிடம் அந்த எண்ணும் நேரமும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கூச்சமான வேலைதான். என் மைத்துனர் மேலாளரிடம் கேட்கத் தயங்கி இரண்டு நாள் ஓட்டினார். கேட்டபோது அந்த மனிதர், "எனக்கும் போன வருஷம் இதே மாதிரி வந்துச்சுப்பா" என்று உடனே அனுப்பிவிட்டார்.

ஒன்பது நாள் நோட்டில் தேறியது இது: மொத்தம் 164 அழைப்புகள், அதில் 11 அனுமதித்த நேரத்துக்கு வெளியே, 3 அழைப்புகள் வேறு ஆட்களுக்கு. புகாரின் முதுகெலும்பு இந்த மூன்று எண்கள்தான்.

ஒரு அழைப்பை எடுங்கள், எல்லாவற்றையும் அல்ல

எல்லா எண்ணையும் பிளாக் செய்து காணாமல் போவது நல்ல யோசனை அல்ல. "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று கோப்பில் எழுதிவிட்டு, விசாரிக்கிறோம் என்று உறவினர்களைத் தேட அதுவே சாக்காகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு அழைப்பை, அனுமதித்த நேரத்தில் எடுங்கள். குரலை உயர்த்தாமல் நான்கு கேள்வி கேளுங்கள். உங்கள் பெயர் என்ன? எந்த ஏஜென்சி? அடையாள அட்டை எண் என்ன? உங்களுக்கு என் கணக்கை ஒப்படைத்த கடிதத்தின் நகலை அனுப்ப முடியுமா?

வங்கிகளுக்கு இதற்கு 2008-லிருந்தே விதி இருக்கிறது. எந்த ஏஜென்சியிடம் கணக்கைக் கொடுத்திருக்கிறோம் என்று கடன் வாங்கியவருக்கு வங்கி தெரிவிக்க வேண்டும். ஏஜென்ட் அந்த அறிவிப்பின் நகல், அதிகாரக் கடிதம், அடையாள அட்டை மூன்றையும் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஏஜென்சி மாறினால் அதையும் சொல்ல வேண்டும். ஏஜென்டுடன் நடக்கும் பேச்சும் பதிவாக வேண்டும். ஆப் மூலம் வாங்கிய டிஜிட்டல் கடன் என்றால், ஏஜென்ட் உங்களைத் தொடர்புகொள்வதற்கு முன்பே அவர் விவரம் எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சலில் வந்திருக்க வேண்டும்.

நான்கு கேள்விக்கும் பதில் வராமல் திட்டு மட்டும் வந்தால், "நேரம் இத்தனை மணி, நீங்கள் விவரம் தர மறுத்ததைக் குறித்துக்கொள்கிறேன், நிறுவனத்திடம் எழுத்தில் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். விவாதம் வேண்டாம். அந்தப் பக்கம் பேசுகிற பையனுக்கு வசூலைப் பொறுத்துத்தான் வருமானம். மாதக் கடைசியில் அவன் மேல் நெருக்கடி அதிகம், அழைப்பும் அதிகமாகும். அவனோடு சண்டை போட்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"போலீஸ் வருது, இன்னைக்கு அரெஸ்ட்" என்று சொன்னால்? தவணை கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றம் இல்லை, அது சிவில் வழக்கு. ஆனால் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கிற தவணை பணமில்லாமல் திரும்பினால் 2007-ஆம் ஆண்டு பணப்பட்டுவாடா முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் பொருந்தலாம். அதற்கும் ஒரு வழிமுறை இருக்கிறது. முதலில் எழுத்தில் நோட்டீஸ் வரவேண்டும். அது கையில் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. போனில் சொல்கிற "வாரண்ட்" எதுவும் அந்த நோட்டீஸ் ஆகாது. உண்மையான நோட்டீஸ் வந்தால் மட்டும் உதாசீனம் செய்யாமல் வக்கீலிடம் காட்டுங்கள்.

பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்

ஏஜென்ட் கேட்டது 23,500 ரூபாய். நாங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு இரண்டே வரி எழுதினோம்: கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வேண்டும், இன்றைய தேதியில் நிலுவை எவ்வளவு, அதில் தவணை, பவுன்ஸ் கட்டணம், தாமதக் கட்டணம் தனித்தனியாக எவ்வளவு. மூன்றாம் நாள் வந்த கணக்கு இது. இரண்டு தவணை 14,462. பவுன்ஸ் கட்டணம் ஒவ்வொன்றும் வரியோடு 590, ஆக 1,180. தாமதக் கட்டணம் 289. மொத்தம் 15,931 ரூபாய். மீதி 7,569 எங்கிருந்து வந்தது என்று ஏஜென்டிடம் கேட்டதற்கு "விசிட் சார்ஜ், லீகல் சார்ஜ்" என்றார். வீட்டுக்கு யாரும் வரவில்லை, வக்கீல் நோட்டீஸும் இல்லை.

தாமதத்துக்கு நிறுவனம் கட்டணம் போடலாம். ஆனால் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி அதை அபராத வட்டியாக, கடன் வட்டியோடு கூட்டிப் போடக் கூடாது. அபராதக் கட்டணத்துக்கு மேல் மறுபடி வட்டியும் போடக் கூடாது. ஸ்டேட்மென்டில் "பீனல் இன்ட்ரஸ்ட்" என்று ஒரு வரி இருந்தால் அதைச் சுற்றி வட்டம் போட்டு வையுங்கள்.

பணம் கட்டும்போது கடன் கணக்கு எண்ணுக்கு, நிறுவனத்தின் சொந்த ஆப் அல்லது தளத்தில், அல்லது கிளையில் ரசீதோடு மட்டும் கட்டுங்கள். ஏஜென்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பிவிட்டு, அது கணக்கில் ஏறாமல் மறுபடி அழைப்பு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணையைத் திரும்பத் திரும்பப் பிடிக்க முயன்றால், கடன் கொடுத்தவர் மட்டுமல்ல, உங்கள் சொந்த வங்கியும் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கலாம். இரு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுப் பாக்கியும் கட்ட முடியாவிட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு முடியும் என்று ஒரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முடியாத தேதியைச் சொல்லாதீர்கள். மைத்துனர் ஆகஸ்ட் 3-ஆம் தேதி 8,000, 18-ஆம் தேதி மீதி என்று எழுதினார். கட்டவும் செய்தார். இது பணம் பற்றிய கடிதம்.

நடத்தை பற்றிய புகார்

இதை ஏஜென்சிக்கு எழுத வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவருடைய பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவை நிறுவனத்தின் தளத்தில் பெரும்பாலும் பக்கத்தின் அடியில் இருக்கும். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள், நிறுவனம் பதில் தருவதற்கான 30 நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாடிக்கையாளர் மையத்தில் வாயால் சொன்னதெல்லாம் பின்னால் கைகொடுக்காது. நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

> கடன் கணக்கு எண் ______. நிலுவைத் தொகை தொடர்பாகத் தனியே எழுதியிருக்கிறேன். இந்தப் புகார் வசூல் முறை பற்றியது மட்டும்.
>
> ஜூலை 20 முதல் 28 வரை எனக்கு 164 அழைப்புகள் வந்துள்ளன. அவற்றில் 11 அழைப்புகள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வந்தவை. 3 அழைப்புகள் கடனுக்குத் தொடர்பில்லாத என் மேலாளருக்கும் உறவினருக்கும் சென்றுள்ளன. பட்டியலும் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்துள்ளேன்.
>
> இவை ரிசர்வ் வங்கியின் 12.8.2022 சுற்றறிக்கைக்கு எதிரானவை. என் கணக்கு எந்த ஏஜென்சியிடம் உள்ளது என்றும், என்றிலிருந்து உள்ளது என்றும் எழுத்தில் தெரிவிக்கவும். இந்த அழைப்புகளின் பதிவைப் பாதுகாத்து வைக்கவும். மற்றவர்களுக்கு அழைப்பதை உடனே நிறுத்தவும். நான் பேச ஏற்ற நேரம் மதியம் 1 முதல் 2 வரை.

அந்தக் கடைசி வரியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். பேசத் தயாராக இருக்கிறார் என்பதற்கு அது ஆதாரம். கடன் வங்கியில் இருந்தால் இன்னொரு பயன் உண்டு. வாடிக்கையாளரின் புகார் நிலுவையில் இருக்கும்போது, அதைத் தீர்க்காமல் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்று அதே 2008 விதிகள் சொல்கின்றன. வீம்புக்குத் திரும்பத் திரும்பப் புகார் போடுகிறவருக்கு மட்டும் அது பொருந்தாது.

ஆறாம் நாள் "வருந்துகிறோம்" என்று ஒரு அச்சுப் பதில் வந்தது. அழைப்பு நாளைக்கு இரண்டாகக் குறைந்தது. பத்து நாள் கழித்து வேறு ஒரு ஏஜென்சி, வேறு எண், அதே கூத்து. புதுப் புகார் போடாமல், பழைய புகார் எண்ணிலேயே "ஏஜென்சி மாறியதை எனக்குத் தெரிவிக்கவில்லை" என்று பதில் எழுதச் சொன்னேன். புதுப் புகார் போட்டால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

30 நாள் கழிந்தால்

நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால், மறுத்தால், அல்லது தந்த பதிலில் திருப்தி இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தளம் cms.rbi.org.in. கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண், தமிழிலும் பேசலாம். நிறுவனத்துக்கு எழுதாமல் நேராக இங்கே வந்தால் புகாரை மூடிவிடுவார்கள். இப்படித் திரும்புகிற புகார்கள் ஏராளம். அதே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். வக்கீல் மூலமாகவும் போட முடியாது, நீங்களே போட வேண்டும். அது ஒன்றும் சிரமமில்லை, நோட்டும் முதல் புகாரும் இருந்தால் ஒரு மணி நேர வேலை. 30 நாள் ஆனதும் உடனே போட்டுவிடுங்கள், ஆறப்போட வேண்டாம். பணநஷ்டத்துக்கு மட்டுமல்ல, துன்புறுத்தலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு.

எல்லா பைனான்ஸ் கம்பெனியும் இந்தத் திட்டத்துக்குள் வருவதில்லை, மிகச் சிறியவை வெளியே இருக்கும். உங்களுக்குக் கடன் கொடுத்தது ரிசர்வ் வங்கியில் பதிவே இல்லாத ஆப் என்றால் குறைதீர்ப்பாளர் அல்ல, sachet.rbi.org.in தளமும் போலீஸும்தான். உள்ளூர்க் கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனியாகவும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதில் சிறையும் அபராதமும் உண்டு.

30 நாள் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தால், அடிப்பேன் என்றால், வீட்டுப் பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசினால், படத்தை மார்பிங் செய்து போனில் உள்ளவர்களுக்கு அனுப்பினால், அது வசூல் முறைகேடு அல்ல, குற்றம். அன்றே காவல் நிலையம் போங்கள். ஆன்லைன் என்றால் 1930 என்ற சைபர் உதவி எண், cybercrime.gov.in தளம். காவல் நிலையத்தில் "கடன் வாங்கினா கட்டித்தானே ஆகணும்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அப்போது கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். "இந்த எண்ணிலிருந்து, இந்த நேரத்தில், இப்படி மிரட்டல் வந்தது" என்பதை மட்டும் எழுதிக் கொடுத்து, மனு ரசீது கேளுங்கள். ரசீது தராவிட்டால் மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்.

இத்தனையும் செய்தாலும் பாக்கி ஒரு ரூபாய் குறையாது, சிபில் அறிக்கையில் தாமதம் தாமதமாகவே பதிவாகும். 90 நாளைத் தாண்டிவிட்டால் அது வாராக்கடன் ஆகிவிடும், அப்புறம் பேச்சு வேறு மாதிரி. "பாதி கட்டுங்க, கணக்கை முடிச்சிடலாம்" என்ற செட்டில்மென்ட் அழைப்பும் அப்போதுதான் வரும். அதற்கு ஒப்புக்கொண்டால் அறிக்கையில் "செட்டில்டு" என்று நிற்கும், பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அது கேள்வியாகும். நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுத்தில் வராத செட்டில்மென்டுக்குப் பணம் கட்டவே கூடாது.

மைத்துனர் ஆகஸ்ட் 18 அன்று மீதியையும் கட்டினார். மறுநாள் காலை 9.05-க்கு மறுபடி அழைப்பு. ஏஜென்சியிடம் இருக்கும் பட்டியல் பழையது, பெயரை நீக்கச் சில நாள் ஆகும். நிலுவை இல்லை என்று காட்டும் ஸ்டேட்மென்டை அன்றே இறக்கி, அதே புகார் எண்ணில் அனுப்பினோம். நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே ஒரு அழைப்பு, அடுத்த நாள் ஒன்று, அதற்கடுத்த நாள் எதுவும் இல்லை.